பதின்ம எண்ணைப் பைனரியாக மாற்றுவது: இரண்டால் வகுத்துக்கொண்டே போகும் முறை

77 என்ற எண்ணைப் பைனரியில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும். எண்ணை 2 ஆல் வகுக்க வேண்டும், மீதியைப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும், கிடைத்த ஈவை மறுபடியும் 2 ஆல் வகுக்க வேண்டும், ஈவு 0 ஆகும்வரை இதையே செய்துகொண்டு போய், கடைசியில் மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அதுதான் விடை. முறை இவ்வளவுதான். ஆனால் இதை வெறும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாள் கழித்துச் செய்யும்போது, மேலிருந்து படிப்பதா கீழிருந்து படிப்பதா, ஈவு 1 வந்ததும் நிறுத்துவதா இல்லை 0 வரை போவதா என்று குழம்பிவிடுகிறார்கள். அந்த மீதி என்பது உண்மையில் எதைக் காட்டுகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது, அதனால் செய்முறையைவிட அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே எழுதிப் பாருங்கள், கண்ணால் மட்டும் படித்தால் இது மனதில் நிற்காது.

பைனரி எண்ணைப் படிக்கும் விதம்

நாம் தினமும் எழுதும் எண்ணில் வலது ஓரத்தில் ஒன்றின் இடம், அதற்கு இடப்பக்கம் பத்தின் இடம், அப்புறம் நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு இடமும் பத்து மடங்காகப் போகும். பைனரியில் இது இரண்டு மடங்காகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். வலது ஓரத்தில் 1, அதற்கு இடப்பக்கம் 2, அப்புறம் 4, 8, 16, 32, 64, 128 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் 0 அல்லது 1 மட்டும்தான் வரும், ஏனென்றால் ஒரு இடத்தில் இரண்டு சேர்ந்துவிட்டால் அது அடுத்த இடத்தின் ஒன்றாகிவிடும், பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து ஆகிவிடுவதைப் போலவே.

ஆக 1101 என்று எழுதியிருந்தால் அதில் ஒரு 8, ஒரு 4, 2 இல்லை, ஒரு 1 இருக்கிறது என்று பொருள். கூட்டினால் 13. பைனரியிலிருந்து நம் எண்ணுக்குத் திரும்ப இந்தக் கூட்டல் போதும். இப்போது எதிர்த்திசையில் போவோம்.

77 ஐ மாற்றிப் பார்ப்போம்

தாளில் மேலிருந்து கீழாக, ஒரு வரிக்கு ஒரு வகுத்தல் என்று எழுதுங்கள். வரிகள் நேராக இருக்கட்டும், மீதிகள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும்.

```
77 ÷ 2 = 38   மீதி 1
38 ÷ 2 = 19   மீதி 0
19 ÷ 2 =  9   மீதி 1
 9 ÷ 2 =  4   மீதி 1
 4 ÷ 2 =  2   மீதி 0
 2 ÷ 2 =  1   மீதி 0
 1 ÷ 2 =  0   மீதி 1
```

ஈவு 0 வந்துவிட்டது, நிறுத்திவிடலாம். மீதிகளைக் கீழேயிருந்து மேலே படித்து, அதே வரிசையில் இடமிருந்து வலமாக எழுதினால் 1001101. இதுதான் 77 இன் பைனரி. இட மதிப்புகளை வைத்துச் சரிபார்த்தால் 64 + 8 + 4 + 1 = 77, சரியாக இருக்கிறது. கணினியில் பெரிய ஆங்கில எழுத்து `M` ஐக் குறிக்க ஆஸ்கி அட்டவணையில் கொடுத்திருக்கும் எண் இந்த 77 தான், அதனால் `M` என்று தட்டும்போது இந்த ஏழு இலக்கங்கள்தான், முன்னால் ஒரு 0 சேர்த்து 01001101 என்று எட்டாக, ஒரு பைட்டில் போய் உட்காருகின்றன.

கடைசி வரியைக் கவனியுங்கள். 1 ஐ 2 ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 1. ஒன்றுக்குள் இரண்டு ஒருமுறைகூட அடங்காது, அதனால் அந்த ஒன்று அப்படியே மீதியாக நிற்கிறது. புதிதாகச் செய்பவர்களில் பலர் இந்த வரியை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள், ஏன் அது பெரிய தவறு என்று பின்னால் வருகிறது.

மீதி எதைக் காட்டுகிறது

உங்களிடம் 77 புளியங்கொட்டைகள் இருக்கின்றன, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 ஜோடிகள் ஆகின்றன, ஒரு கொட்டை தனியாக நிற்கிறது. இதுதான் முதல் வகுத்தல். அந்தத் தனிக் கொட்டைக்கு ஜோடியே கிடையாது, இனி எவ்வளவு பெரிய குவியல்களாகச் சேர்த்தாலும் அது தனியாகத்தான் இருக்கும், ஆகவே அது ஒன்றின் இடத்துக்குப் போக வேண்டிய 1.

இப்போது கையில் இருப்பவை 38 ஜோடிகள். இங்கேதான் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிறார்கள்: 38 என்பது இனி 38 கொட்டைகள் இல்லை, 38 ஜோடிகள். இந்த ஜோடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு கொட்டைகள் கொண்ட 19 குவியல்கள் வரும், ஜோடி எதுவும் மிஞ்சாது. மீதி 0 என்பதற்கு இதுதான் பொருள்: இரண்டின் இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்து 19 நான்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9 எட்டுகள் வருகின்றன, ஒரு நான்கு மிஞ்சுகிறது. வகுத்தலில் இதை "மீதி 1" என்றுதான் எழுதினோம், ஆனால் அந்த ஒன்றுக்குள் இருப்பது நான்கு கொட்டைகள். 9 எட்டுகளைச் சேர்த்தால் 4 பதினாறுகள், ஒரு எட்டு மிச்சம். 4 பதினாறுகளிலிருந்து 2 முப்பத்திரண்டுகள், மிச்சமில்லை. 2 முப்பத்திரண்டுகளிலிருந்து ஒரே ஒரு அறுபத்துநான்கு, மிச்சமில்லை. கடைசியில் அந்த ஒற்றை அறுபத்துநான்குக்கு ஜோடி சேர இன்னொன்று இல்லை, அதுவே தனியாக நின்றுவிடுகிறது.

தனியாக நின்றவற்றைக் கூட்டுங்கள்: ஒரு 1, ஒரு 4, ஒரு 8, ஒரு 64. மொத்தம் 77. ஒவ்வொரு வரியிலும் ஒரே மாதிரி 0, 1 என்று எழுதினாலும், கீழே போகப்போக அந்த 1 இன் மதிப்பு இரண்டிரண்டு மடங்காக ஏறிக்கொண்டே போகிறது. முதலில் கிடைத்த மீதி மிகச் சிறிய இடத்துக்கு உரியது, கடைசியில் கிடைத்தது மிகப் பெரிய இடத்துக்கு உரியது. எண்ணை எழுதும்போது பெரிய இடத்தைத்தான் இடப்பக்கம் முதலில் எழுதுவோம், அதனால் கடைசி மீதியிலிருந்து தொடங்குகிறோம். கீழிருந்து மேலே படிப்பதற்கு இதைத் தவிர வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் பழகிய பத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். 2949 ஐ 10 ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்.

```
2949 ÷ 10 = 294   மீதி 9
 294 ÷ 10 =  29   மீதி 4
  29 ÷ 10 =   2   மீதி 9
   2 ÷ 10 =   0   மீதி 2
```

மீதிகள் 9, 4, 9, 2 என்று வந்திருக்கின்றன, கீழிருந்து படித்தால் 2949. பத்தால் வகுப்பது என்பது வலது ஓரத்து இலக்கத்தைக் கழற்றி எடுப்பதுதான், கழற்றியது மீதியாக வருகிறது, மிஞ்சியிருக்கும் எண் ஈவாக நிற்கிறது. இரண்டால் வகுக்கும்போதும் இதேதான் நடக்கிறது, என்ன, அங்கே கழல்வது பைனரி எண்ணின் வலது ஓரத்து இலக்கம். இந்தப் பத்து வகுத்தலை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவருக்கு எந்தத் திசையில் படிப்பது என்ற கேள்வி மறுபடியும் வராது என்று நான் நம்புகிறேன், அதனால்தான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதைத் தவறாமல் செய்யச் சொல்கிறேன்.

எங்கெல்லாம் தவறு நடக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது

முதலாவது, தலைகீழாகப் படிப்பது. 77 இன் மீதிகளை மேலிருந்து படித்தால் 1011001 வரும். பார்க்க ஒழுங்கான பைனரி எண்தான், அதுதான் சிக்கல். அதன் மதிப்பு 64 + 16 + 8 + 1, அதாவது 89. ஒற்றைப்படை எண்களில் முதல் மீதியும் 1, கடைசி மீதியும் 1, எனவே எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் 1 இல் தொடங்கி 1 இல் முடியும், பார்த்த மாத்திரத்தில் தவறு தெரியாது. இரட்டைப்படை எண்களில் தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே முதல் மீதி 0, தலைகீழாகப் படித்தால் விடை 0 இல் தொடங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 45 ஐ மாற்றினால் மீதிகள் 1, 0, 1, 1, 0, 1 என்று வரும், எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் 101101 தான். 9, 21, 27, 51, 73, 99 ஆகியவையும் இப்படித்தான், இரண்டு திசையிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடியவை. முதல் பயிற்சிக்கு இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டவர் திசையைத் தவறாகப் பிடித்திருந்தாலும் விடை சரியாக வந்துவிடும், அந்தத் தவறான பழக்கத்தோடேயே அடுத்த எண்ணுக்குப் போவார். உங்கள் முறை சரியா என்று சோதிக்க 45 ஐயோ 99 ஐயோ எடுக்காதீர்கள், 77 போல இரண்டு திசையிலும் வேறு வேறு விடை தரும் எண்ணாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது, ஈவு 1 வந்ததும் நிறுத்திவிட்டு அந்த 1 ஐ எழுத மறப்பது. பள்ளியில் ஏணி போலப் பக்கவாட்டில் கோடு போட்டு 2 ஆல் வகுத்துப் பழகியவர்கள் ஈவு 1 ஆனதும் நிறுத்துவது வழக்கம், அப்படி நிறுத்துவதும் தவறில்லை, ஆனால் அந்த 1 ஐ முதல் இலக்கமாக எழுதிவிட்டுத்தான் மீதிகளைப் படிக்க ஆரம்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் 77 க்கு 001101 வரும், அது வெறும் 13. மாற்றிய எண்ணின் முதல் இலக்கம் எப்போதும் 1 ஆகத்தான் இருக்க வேண்டும், 0 இல் தொடங்கினால் எங்கோ பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். இந்தச் சோதனை எல்லா நேரமும் காப்பாற்றாது, அதைக் கீழே 200 இல் பார்க்கலாம். நான் எப்போதும் ஈவு 0 வரை போகச் சொல்வேன், ஒரு வரி கூடுதலாக எழுதினாலும் நினைவில் வைக்க வேண்டிய தனி விதி ஒன்று குறைகிறது.

மூன்றாவது, கால்குலேட்டரால் வருவது. 77 ÷ 2 என்று தட்டினால் 38.5 என்று காட்டும். அந்த .5 ஐப் பார்த்து மீதி 5 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், 38.5 ஐ 39 ஆக்கிக்கொண்டு தொடர்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டால் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 தான், வேறு எதுவும் வரவே முடியாது. திரையில் .5 தெரிந்தால் மீதி 1, தெரியாவிட்டால் மீதி 0. புள்ளிக்கு முன்னால் இருக்கும் 38 ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போங்கள், 38.5 ஐ அப்படியே வைத்துக்கொண்டு மறுபடியும் ÷ 2 என்று அழுத்தினால் 19.25 என்று வந்து எல்லாம் கெட்டுப்போகும். மீதியைத் தெரிந்துகொள்ள உண்மையில் வகுக்கவே வேண்டாம், எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால் போதும்.

நான்காவது, மீதி 0 என்றால் எழுதத் தேவையில்லை என்று நினைத்து விட்டுவிடுவது. இதற்கு 200 நல்ல உதாரணம்.

200: சுழியங்கள் நிறைந்த ஒரு எண்

வீட்டு ரவுட்டரோடு இணைந்திருக்கும் கருவிகளுக்கு 192.168.1.200 போன்ற ஐபி முகவரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புள்ளிகளுக்கு இடையே இருக்கும் நான்கு எண்களும் தனித்தனியாக எட்டு பிட்டுகளில் அடங்குபவை. அதில் கடைசி எண்ணை எடுத்துக்கொள்வோம்.

```
200 ÷ 2 = 100   மீதி 0
100 ÷ 2 =  50   மீதி 0
 50 ÷ 2 =  25   மீதி 0
 25 ÷ 2 =  12   மீதி 1
 12 ÷ 2 =   6   மீதி 0
  6 ÷ 2 =   3   மீதி 0
  3 ÷ 2 =   1   மீதி 1
  1 ÷ 2 =   0   மீதி 1
```

கீழிருந்து படித்தால் 11001000. 128 + 64 + 8 = 200, சரி. முதல் மூன்று வரிகளில் வந்த சுழியங்கள் வலது ஓரத்தில் வந்து நிற்கின்றன, அவற்றை விட்டுவிட்டால் 11001, அது 25. நம் எண்ணில் 200 இன் கடைசி இரண்டு சுழியங்களை அழித்தால் 2 ஆகிவிடுவதைப் போலத்தான். வலப்பக்கச் சுழியம் ஒவ்வொன்றும் எண்ணை இரட்டிப்பாக்குகிறது, அதைத் தொடக்கூடாது. இடப்பக்கம் சேர்க்கும் சுழியம் மதிப்பை மாற்றாது, அதனால்தான் 1001101 என்று ஏழு இலக்கமாக வந்த 77 ஐ, எட்டு பிட்டுகளை நிரப்ப வேண்டிய இடங்களில் 01001101 என்று எழுத முடிகிறது. ஐபி முகவரியின் பகுதிகளை எழுதும்போது இந்த முன்சுழியங்களைச் சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பகுதிகளையும் வரிசையாக வைக்கும்போது பிட்டுகள் இடம் மாறிவிடும். ஆனால் வகுத்து முடித்த பிறகுதான் சேர்க்க வேண்டும், நடுவில் இல்லை.

இப்போது அந்தக் கடைசி 1 ஐ மறந்தவருக்கு இங்கே என்ன விடை வரும் என்று பாருங்கள்: 1001000. இது 1 இல்தான் தொடங்குகிறது, பார்க்க எந்தக் குறையும் தெரியவில்லை, ஆனால் மதிப்பு 72. ஆக முதல் இலக்கத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. இலக்கங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 128 இலிருந்து 255 வரை உள்ள எல்லா எண்களுக்கும் சரியாக எட்டு இலக்கங்கள் வரும், 64 இலிருந்து 127 வரை ஏழு, 32 இலிருந்து 63 வரை ஆறு. 200 க்கு ஏழு இலக்கம்தான் வந்தது என்றால் ஒன்று காணாமல் போயிருக்கிறது. இதை வகுக்க ஆரம்பிக்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, எத்தனை வரிகள் வரப்போகின்றன என்று முதலிலேயே தெரிந்துவிடும்.

திரும்பிப் போய்ச் சரிபார்க்கும் வழி

இட மதிப்புகளைக் கூட்டிப் பார்ப்பது ஒரு வழி, ஏற்கெனவே செய்தோம். எண் பெரிதாகும்போது 1024, 2048 என்று நினைவில் வைத்துக் கூட்டுவது சிரமம், அப்போது எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. விடையின் இடது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கையில் இருப்பதை இரட்டிப்பாக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டுங்கள், மறுபடியும் இரட்டிப்பாக்கி அடுத்ததைக் கூட்டுங்கள், இலக்கங்கள் தீரும்வரை இதே வேலைதான். 1001101 ஐ எடுத்தால் முதலில் 1. இரட்டிப்பாக்கி 0 கூட்டினால் 2. இரட்டிப்பாக்கி 0 கூட்டினால் 4. இரட்டிப்பாக்கி 1 கூட்டினால் 9. அடுத்து 19, அடுத்து 38, கடைசியில் 77.

1, 2, 4, 9, 19, 38, 77 என்ற இந்த வரிசையை மேலே நாம் எழுதிய வகுத்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே எண்கள், கீழிருந்து மேலாக. வகுத்துக்கொண்டே இறங்கிய படிகளில் இப்போது பெருக்கிக்கொண்டே ஏறுகிறோம். இதனால் ஒரு நல்ல வசதி கிடைக்கிறது: நடுவில் ஏதோ ஒரு வரியில் தவறாக வகுத்திருந்தால், ஏறி வரும்போது எந்த இடத்தில் எண்கள் பொருந்தாமல் போகின்றன என்று பார்த்து அந்த வரியை மட்டும் திருத்தலாம், முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. திருத்திய வரிக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கும், ஈவு மாறியிருக்கும் அல்லவா.

கொஞ்சம் நீளமான எண்: 'அ' என்ற எழுத்து

யூனிகோடில் 'அ' வுக்கு `U+0B85` என்ற குறி கொடுத்திருக்கிறார்கள். அது பதினாறின் அடிப்படையில் எழுதியது, நம் வழக்கமான எண்ணில் சொன்னால் 2949. இதை மாற்றிப் பார்ப்போம். 2048 க்கும் 4096 க்கும் நடுவில் இருப்பதால் பன்னிரண்டு இலக்கங்கள் வர வேண்டும், பன்னிரண்டு வரிகள் எழுதத் தயாராகுங்கள்.

```
2949 ÷ 2 = 1474   மீதி 1
1474 ÷ 2 =  737   மீதி 0
 737 ÷ 2 =  368   மீதி 1
 368 ÷ 2 =  184   மீதி 0
 184 ÷ 2 =   92   மீதி 0
  92 ÷ 2 =   46   மீதி 0
  46 ÷ 2 =   23   மீதி 0
  23 ÷ 2 =   11   மீதி 1
  11 ÷ 2 =    5   மீதி 1
   5 ÷ 2 =    2   மீதி 1
   2 ÷ 2 =    1   மீதி 0
   1 ÷ 2 =    0   மீதி 1
```

விடை 101110000101. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு இலக்கங்கள். இவ்வளவு நீளமான எண்ணைப் படிக்கும்போது ஒரு சுழியத்தைத் தவறவிடுவது மிகச் சுலபம், இங்கே தொடர்ந்து நான்கு சுழியங்கள் வேறு இருக்கின்றன, அதனால் வலப்பக்கத்திலிருந்து நான்கு நான்காகப் பிரித்து 1011 1000 0101 என்று எழுதிக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்ததும் இன்னொரு சரிபார்ப்பும் சும்மா கிடைக்கிறது: 1011 என்பது 11, அதைப் பதினாறின் அடிப்படையில் `B` என்று எழுதுவார்கள், 1000 என்பது 8, 0101 என்பது 5. `B85`, அதாவது `U+0B85` இல் பார்த்த அதே மூன்று குறிகள். ஒரு கோப்பில் 'அ' வைச் சேமிக்கும்போது இந்தப் பிட்டுகளை எப்படி அடுக்குவது என்பதற்குத் தனி விதிகள் உண்டு, அதற்குள் இப்போது போகவில்லை.

கணினியையே செய்யச் சொன்னால்

கையால் செய்யும் அதே படிகளைப் பைத்தானில் ஆறே வரிகளில் எழுதிவிடலாம்.

```python
n = 77
s = ""
while n > 0:
    s = str(n % 2) + s
    n = n // 2
print(s)
```

`n % 2` என்பது மீதி, `n // 2` என்பது ஈவு. நான்காவது வரியில் புது மீதியைப் பழைய `s` க்கு முன்னால் சேர்த்திருக்கிறோம், கீழிருந்து மேலே படிக்கும் வேலையை அந்த வரி செய்துவிடுகிறது. அதை `s + str(n % 2)` என்று திருப்பி எழுதினால் 1011001 வரும், அதே 89 தான், தாளில் செய்யும் தவறு நிரலில் வேறு உருவத்தில் வருகிறது. `//` க்குப் பதிலாக ஒற்றை `/` போட்டால் கால்குலேட்டரில் பார்த்த 38.5 சிக்கல் அப்படியே திரும்ப வரும், திரை முழுவதும் புள்ளி எண்களாகக் கொட்டும். இந்த நிரலுக்கு 0 ஐக் கொடுத்தால் சுற்றுக்குள் நுழையாமலே வெற்று விடை தரும், 0 இன் பைனரி 0 என்பதைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும். விடையைச் சரிபார்க்க மட்டும் வேண்டுமென்றால் `bin(77)` என்று தட்டுங்கள், `'0b1001101'` என்று வரும், முன்னால் இருக்கும் `0b` பைனரி என்பதற்கான அடையாளம், அது எண்ணின் பகுதி இல்லை.

இந்த முறை சுழியத்துக்கு மேற்பட்ட முழு எண்களுக்குத்தான். 0.625 போன்ற பின்னத்துக்கு வகுப்பதற்குப் பதிலாக 2 ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும், எதிர்ம எண்களைக் கணினி சேமிக்கும் விதமும் வேறு. இரண்டையும் முழு எண்கள் கைக்குப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீங்களே செய்து பார்க்க ஒரு எண் தருகிறேன்: 2996, இது 'ழ' வின் யூனிகோடு எண், `U+0BB4`. இரட்டைப்படை எண் என்பதால் விடை 0 இல் முடிய வேண்டும், பன்னிரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும். செய்து முடித்த பிறகு இதை ஒப்பிடுங்கள்: 101110110100. வகுத்துக்கொண்டே வரும்போது ஆறாவது வரியில் ஈவு 46 வந்திருக்கும். 'அ' வுக்கும் அதே ஆறாவது வரியில் அதே 46 தான் வந்தது, அதற்குக் கீழே இரண்டும் ஒரே வகுத்தல், அதனால்தான் இரண்டு விடைகளும் 101110 என்று ஒரே மாதிரி தொடங்குகின்றன. ஆறு முறை இரண்டால் வகுப்பது என்பது 64 ஆல் வகுப்பதற்குச் சமம், 46 ஐ 64 ஆல் பெருக்கினால் 2944, யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் தொடங்குவதும் சரியாக அந்த எண்ணில்தான். ஆய்தமும், உயிரெழுத்துகளும், க முதல் ஹ வரை உள்ள அகரமேறிய மெய்களும் 2944 க்கும் 3007 க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன, எனவே அவற்றில் எதை எடுத்து வகுத்தாலும் ஆறாவது வரியில் 46 வந்தே தீரும். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியின் எண் 3021. அதை எடுத்து வகுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் 47 வரும், விடை 101111 என்று தொடங்கும்.